தோள் நோவுக்கு எண் போடுவது எப்படி? தையல் வரிசையும் ரூலா கணக்கும்

2006 இல் போர் துரத்திய சம்பூர் மக்களில் பெரும்பாலானோர் ஏறத்தாழ பத்து ஆண்டுகளின் பின்னரே சொந்தக் காணிக்குத் திரும்பினர். திரும்பிய குடும்பங்களில் சில பெண்கள் இன்று ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார்கள். கழுத்தும் தோளும் நோகிறது என்று அவர்கள் சொன்னால், "எல்லாரும்தானே தைக்கினம்" என்பதே பல வேளைகளில் பதிலாகக் கிடைக்கிறது.

அந்த நோவை எண்ணாக்கிக் காட்ட ஒரு முறை இருக்கிறது. அதன் பெயர் ரூலா. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின் மக்அட்டாம்னியும் நைஜல் கோர்லெட்டும் 1993 இல் இதை வெளியிட்டனர். இதன் ஒரு பகுதி ஆடைத் தொழிற்சாலைகளிலேயே, துணி வெட்டுவோரையும் தைப்போரையும் பொதி செய்வோரையும் பார்த்து உருவாக்கப்பட்டது. தையல் மெசினுக்கு இது வெளியிலிருந்து வந்த அளவுகோல் அல்ல.

சம்பூரில் ஓர் அக்கா, தொழிற்சாலையில் தான் எப்படி அமர்ந்து தைக்கிறார் என்பதை வீட்டு மெசினில் காட்டினார். பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் படம் எடுத்து, அதில் கோணங்களை அளந்தேன்.

முதலில் கை. மேற்கை உடம்பிலிருந்து 30 பாகை முன்னே வந்திருந்தது, அதற்கு 2 புள்ளி. முழங்கை வெளியே அகன்றிருந்ததால் இன்னொன்று, மொத்தம் 3. முன்கை ஏறத்தாழ செங்கோணத்தில் இருந்தது, 1. மணிக்கட்டு சற்று மடிந்து பக்கவாட்டிலும் வளைந்திருந்தது, 3. இவற்றைக் கூட்டுவதில்லை. ரூலா அட்டவணையில் இவை சந்திக்கும் கட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இருந்தது 4. ஒரே அசைவு நிமிடத்துக்கு நான்கு தடவை அல்லது அதற்கு மேல் வந்தால் 1 சேரும். ஆகவே கைக்கு 5.

அடுத்தது கழுத்தும் முதுகும். இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். தலை செங்குத்திலிருந்து 50 பாகை குனிந்திருந்தது. ஆனால் முதுகே 25 பாகை சாய்ந்திருந்தது. கழுத்தை முதுகோடு ஒப்பிட்டே அளக்க வேண்டும் என்பதால் கழுத்தின் வளைவு 25 பாகைதான். 20 பாகையைத் தாண்டியதால் கழுத்துக்கு 3, முதுகுக்கும் 3. கால்கள் ஊன்றியிருந்தன, 1. அட்டவணை தந்தது 4. தொடர் அசைவுக்காக 1 சேர்ந்து 5.

இரண்டு ஐந்துகளும் கடைசி அட்டவணையில் சந்திக்கும் இடம் 6. ரூலாவின் உச்சம் 7. ஐந்தும் ஆறும் "விரைவில் மாற்றம் தேவை" என்று பொருள்படும். ஏழு என்றால் உடனே மாற்ற வேண்டும்.

பிறகு கதிரையை மெசினுக்குக் கிட்ட இழுத்து, மேசையை உயர்த்தி, முதுகுக்குச் சாய்மானம் வைத்தோம். முதுகு 10 பாகைக்கும் கழுத்து 15 பாகைக்கும் வந்தன. முழங்கை உடம்போடு ஒட்டியது. மணிக்கட்டு மாறவில்லை. கைக்கு 4, கழுத்துக்கும் முதுகுக்கும் 3, முடிவு 3. ஒரு மேசையும் ஒரு கதிரையும் செய்த வேலை அது.

வெட்டு மேசையில் நிற்பவருக்கும் பெட்டி தூக்குபவருக்கும் ரெபா என்ற முறை பொருத்தமானது. சூ ஹிக்னெட்டும் மக்அட்டாம்னியும் 2000 இல் வெளியிட்ட அது 1 முதல் 15 வரை போகும். முழங்கால் மடிவு, பாரம், பிடி கைக்கு வசமாக இருக்கிறதா என்பவற்றையும் அது கணக்கில் எடுக்கும்.

ஆனால் இந்த எண்கள் காணாதவையும் உண்டு. ஒரு துண்டை 30 வினாடியில் தைப்பவர் எட்டு மணித்தியாலத்தில் 960 துண்டு முடிப்பார். டாகெட் 25 வினாடியானால் அது 1,152 ஆகும். இருவருக்கும் தொடர் அசைவுக்காக ரூலா சேர்ப்பது அதே 1 தான். இரண்டு மணித்தியாலம் தைத்தாலும் பத்து மணித்தியாலம் தைத்தாலும் எண் மாறாது. வேகத்தையும் நேரத்தையும் எடை போட இத்தாலியில் உருவான ஒக்ரா போன்ற வேறு முறை வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னொன்றும் முக்கியம். ரூலா உடம்பின் கோணத்தையும் அசைவையும் பாரத்தையும் மட்டுமே பார்க்கும். தோளில் செல் துண்டோடு தைப்பவருக்கும் காயமே படாதவருக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். எண் 3 வந்தது என்பதால் அவருடைய நோ பொய்யாகிவிடாது.

ஆகவே தொழிற்சாலையில் யாராவது புள்ளி போட வந்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம். வேலையின் எந்தக் கணத்தை அளந்தீர்கள்? அதிகம் வளையும் கணமும் அதிக நேரம் இருக்கும் கணமும் வெவ்வேறாக இருக்கலாம். வலது, இடது இரண்டு கைகளையும் தனித்தனியாகப் பார்த்தீர்களா? அன்றைய டாகெட்டை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினீர்களா?