சுட்டிக் காட்டும் விரல்

குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் இறங்கும்போது, கரையில் நிற்கும் ஒன்றரை வயதுக் குழந்தை அவற்றை நோக்கி விரலை நீட்டும். உடனே திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கும். "நீயும் பார்" என்பதே அதன் பொருள். தின்பண்டம் வேண்டித் தாயின் கையைப் பிடித்து இழுப்பது வேறு. கண்டதைப் பகிர்ந்துகொள்ள விரல் நீட்டுவது வேறு. இந்தப் பகிர்தல் இருக்கிறதா என்பதையே, ஆட்டிசம் குறித்த ஐயத்துடன் வரும் பெற்றோரிடம் நாங்கள் முதலில் கேட்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மீனவக் குடும்பம் ஒன்று இரண்டு வயதுச் சிறுவனை அழைத்து வருகிறது. அவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. வலையின் மிதவைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கிறான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. "படகு இயந்திரத்தின் ஓசை கேட்டதும் வாசலுக்கு ஓடுகிறானே, காது நன்றாகத்தானே கேட்கிறது?" என்கிறார் பாட்டி. ஆயினும் செவித்திறன் சோதனையைத் தவிர்க்கலாகாது. இயந்திர ஓசை தாழ்ந்த சுருதி உடையது. உயர்ந்த சுருதி ஒலிகள் மட்டும் கேளாத குழந்தைக்கும் அது கேட்கும். பேச்சோ தெளிவாக விளங்காது.

அடுத்து, 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கென அமைந்த 20 கேள்விகளைப் பெற்றோரிடம் கேட்கிறோம். இது சல்லடை மட்டுமே. நோய் முடிவு அன்று. ஐயம் எழுந்தால் குழந்தையை நேரில் விரிவாக ஆராய்ந்த பின்னரே முடிவு கூறப்படும்.

அதைக் கூறும் முறையும் மருத்துவத்தின் பகுதியே. வராந்தாவில் நின்றபடி பெயரை மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. தாய், தந்தை, பாட்டி ஆகியோரை ஒருங்கே அமர்த்தி, "நீங்கள் கவனித்தவற்றைச் சொல்லுங்கள் அம்மா" என்று தொடங்குகிறோம். பின்பு நாங்கள் கண்டதைக் கூறுகிறோம். இது தாயின் வளர்ப்பாலோ தடுப்பூசியாலோ வந்ததன்று என்பதைக் கேளாமலே தெளிவாக்குகிறோம். "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று பாட்டி சொன்னால் மறுத்துப் பேசுவதில்லை; "இருக்கலாம் பாட்டி; ஆனால் காத்திருக்கும் நாட்களிலேயே பயிற்சியைத் தொடங்கினால் குழந்தைக்கு இழப்பில்லை" என்கிறோம். வருங்காலத்தில் எவ்வளவு பேசுவான் என்பதை இரண்டு வயதில் எவராலும் உறுதியாகக் கூற இயலாது, அதையும் மறைப்பதில்லை.

கவனக்குறைபாடு வேறு கதை. மூன்று வயதுக் குழந்தை ஓடிக்கொண்டே இருப்பது இயல்பு. பொதுவாக நான்கு வயதுக்கு முன் அம்முடிவைக் கூறுவதில்லை. வீட்டிலும் பள்ளியிலும், ஆறு மாதமேனும் தொடர்ந்து, வயதுக்கு மீறிய அளவில் காணப்பட்டால் ஆராய வேண்டும்.

ஒரு வயதில் பெயருக்குத் திரும்பாமை, ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டாமை, எந்த வயதிலும் வந்த பேச்சு மறைதல் ஆகியவற்றைக் கண்டால், அங்கன்வாடிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடமோ எங்களிடமோ தெரிவியுங்கள். குழந்தை விளையாடும்போது கைப்பேசியில் எடுத்த இரண்டு நிமிடக் காணொளி, அறிமுகமில்லாத அறையில் நாங்கள் காண முடியாததைக் காட்டும்.