மலச்சிக்கலுக்குத் தைராய்டு காரணமா?

நாற்பது வயதுப் பெண் ஒருவர் மருத்துவரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறது. இரண்டு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. சாயங்காலம் ஆனால் வயிறு உப்பிக்கொள்கிறது. இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டும் எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது. இசப்கோலும் கேஸ் மாத்திரையும் பலன் தரவில்லை. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு 38. அதன் உச்சவரம்பே 4-ஐ ஒட்டித்தான். தைராய்டு சுரப்பி போதுமான ஹார்மோனைச் சுரக்கவில்லை என்று பொருள்.

கழுத்தில் இருக்கும் சுரப்பிக்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு? குடல் சுவரில் உள்ள தசைகள் விட்டுவிட்டுச் சுருங்கித்தான் உணவை முன்னே தள்ளுகின்றன. அந்தத் தசைகளையும் அவற்றை இயக்கும் நரம்புகளையும் தைராய்டு ஹார்மோன் முடுக்கிவிடுகிறது. ஹார்மோன் குறைந்தால் சுருக்கம் தளர்கிறது. நோய் முற்றியவர்களுக்கு இன்னொன்றும் நடக்கிறது. தோலுக்கு அடியில் சேர்ந்து முகத்தை வீங்கவைக்கும் அதே பசைப்பொருள் குடல் சுவரிலும் படிந்து, நீரை இழுத்து வைத்துக்கொள்கிறது.

பெருங்குடலின் முக்கிய வேலை நீரை உறிஞ்சுவது. ஒரு நாளில் சுமார் ஒன்றரை லிட்டர் திரவம் அங்கே வந்து சேர்கிறது. அதில் பெரும்பகுதி உடலுக்குத் திரும்பிவிடும். மலம் அங்கே கூடுதலாக ஒரு நாள் தங்கினாலும் உறிஞ்சல் நிற்காது. அதனால்தான் அது இறுகிக் கட்டியாகிறது. சிறுகுடலும் மந்தமானால், அடித்துச் செல்லப்படவேண்டிய பாக்டீரியாக்கள் சிலருக்கு அங்கேயே தங்கிப் பெருகுகின்றன. உணவை அவை நொதிக்கவைத்து உண்டாக்கும் வாயுதான் சாயங்கால உப்பசம்.

பசி குறைவதற்கும் காரணம் உண்டு. உடல் எரிக்கும் சக்தி குறைவதால் தேவையும் குறைகிறது. இரைப்பை மெதுவாகக் காலியாவதால் சீக்கிரமே வயிறு நிறைந்துவிடுகிறது. அப்படியானால் எடை ஏன் கூடுகிறது? கூடியதில் கணிசமான பங்கு கொழுப்பு அல்ல, உப்பும் நீரும்தான். பத்து, இருபது கிலோ கூடியதற்குத் தைராய்டின் மேல் மட்டும் பழி போடுவது சரியில்லை.

இந்தப் பெண்ணுக்குத் தேவை லெவோதைராக்சின் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. சிக்கல் இங்கேதான் வருகிறது. வயிற்றுத் தொந்தரவுக்காகச் சாப்பிடும் இசப்கோலும் அமில முறிவு மருந்துகளும், கூடவே இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் இந்த ஹார்மோன் உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும். மாத்திரை சரியாகச் சேராவிட்டால் மலச்சிக்கல் நீடிக்கும்; அதற்காக இன்னும் கொஞ்சம் இசப்கோல்! எனவே இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரை தொடங்கி ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். மீண்டும் பார்க்கவேண்டும். அது இயல்புக்கு வந்த பின்னும் வயிறு சரியாகவில்லை என்றாலோ, மலத்தில் ரத்தம் தென்பட்டாலோ, வாந்தியோடு வயிறு வீங்கினாலோ, தைராய்டுதானே என்று இருந்துவிடாதீர்கள். வேறு காரணம் தேடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.