‘ஆம்’ என்று எழுதும் முன்

கோயம்புத்தூரில் ஒன்பது பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர்களின் வருகைப் பதிவுக்கு ஒரு செயலி செய்து விற்கிறார்கள். ஒரு பெரிய தொழிற்குழுமம் அதை வாங்க முன்வருகிறது. விலை பேசி முடிந்த பிறகு ஓர் எக்செல் கோப்பு வருகிறது. பாதுகாப்பு குறித்து இருநூற்றுச் சொச்சம் கேள்விகள், எதிரே ‘ஆம்’, ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்று கட்டங்கள்.

பெரிய நிறுவனங்கள் இப்படித் துருவுவதற்குக் காரணம் உண்டு. 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடுபோயின. திருடர்கள் உள்ளே வந்த வழி, அந்தக் கடைகளுக்குக் குளிர்சாதன வேலை செய்துகொடுத்த ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்.

கோப்பைத் திறந்ததும் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டுவிட்டு, ஆர்டர் வந்ததும் செய்துகொள்ளலாம் என்றுதான் கை போகும். இந்தப் பதில்கள் பல நேரம் ஒப்பந்தத்தின் இணைப்பாகிவிடுகின்றன. நாளை தரவு கசிந்தால், வாடிக்கையாளரின் வக்கீல் முதலில் எடுப்பது இந்த எக்செல் கோப்பைத்தான். அதற்கு முன்பே, ஆதாரம் காட்டுங்கள் என்று அவர்களுடைய பாதுகாப்புக் குழு கேட்கும்.

ஒரு கேள்வியை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம்: ‘பேக்கப்பிலிருந்து தரவை மீட்டுப் பார்த்துச் சோதிக்கிறீர்களா? கடைசியாக எப்போது?’ நம் நிறுவனத்தில் தினமும் இரவு 2 மணிக்கு பேக்கப் தானாக ஓடுகிறது. மீட்டுப் பார்த்தவர் யாருமில்லை. பொய் எழுத மனமில்லாமல் ஒரு சனிக்கிழமை உட்கார்கிறார்கள். வெறும் சர்வர் ஒன்றை எழுப்பி, முந்தின நாள் பேக்கப்பை அதில் இறக்குகிறார்கள். மூன்று மணி நேரம் ஆகிறது. செயலி திறக்கிறது, பெயர்கள் வருகின்றன, ஊழியர்களின் புகைப்படங்கள் மட்டும் காணோம். படங்கள் டேட்டாபேஸில் இல்லை, தனி ஃபோல்டரில் கிடக்கின்றன. அந்த ஃபோல்டரை பேக்கப்பில் சேர்க்க எல்லோரும் மறந்திருக்கிறார்கள். இத்தனை நாளும் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது!

இப்போது பதில் இப்படி எழுதலாம்: ‘சென்ற வாரம் முதல் முறையாகச் சோதித்தோம். மீட்க மூன்று மணி நேரம் ஆனது. புகைப்படங்கள் விடுபட்டிருந்தன, சேர்த்துவிட்டோம். இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்வோம்.’ படிக்கிற ஆளுக்கு வெறும் ‘ஆம்’ தராத நம்பிக்கையை இது தரும். அடுத்த கேள்வி, சேவை நின்றால் எத்தனை மணி நேரத்தில் மீளும் என்பது. வாய்க்கு வந்தபடி ஒரு மணி நேரம் என்று எழுத இருந்தவர்கள், இப்போது ஆறு என்று எழுதுவார்கள்.

சில கேள்விகளுக்கு ‘இல்லை’ தவிர வேறு பதிலே கிடையாது. நிரல் எழுதுபவரும் அதை சர்வரில் ஏற்றுபவரும் வேறு வேறு ஆட்களா? டெவலப்பர்களே இரண்டு பேர்தான், எங்கே போவது? ‘இல்லை’ என்று போட்டுவிட்டு, அந்தக் குறையை எதைக் கொண்டு ஈடுகட்டுகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும்: ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எதுவும் ஏறாது, ஏற்றிய ஒவ்வொன்றுக்கும் பதிவு இருக்கிறது, வாரம் ஒரு முறை உரிமையாளர் அதைப் பார்க்கிறார். விவரமான ஆள் உடனே திருப்பிக் கேட்பார்: அந்தப் பதிவை அந்த இருவரால் அழிக்க முடியுமா? முடியும் என்றால் ஈடுகட்டல் வெறும் பேச்சு. உரிமையாளர் கையில் மட்டும் இருக்கும் வேறொரு கணக்குக்கு அந்தப் பதிவை அனுப்பிவைக்க அரை நாள் வேலை போதும்.

டேட்டா சென்டரின் காவல், கேமரா பற்றிய கேள்விகளுக்கு, அது கிளவுட் நிறுவனத்தின் பொறுப்பு என்று எழுதி அவர்களுடைய தணிக்கை அறிக்கையைக் காட்டலாம். ஆனால் அந்த அறிக்கையை நம்முடையதுபோல முன்வைக்கக் கூடாது. நம் நிரலுக்கும் நம் ஊழியர்களின் லாகினுக்கும் கிளவுட்காரர் ஜவாப்தாரி இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ‘இல்லை’கள் அதிகமாகி ஆர்டர் கைநழுவலாம். அந்தக் கட்டத்தில் பலர் யோசிக்காத ஒரு வழி, வாங்கும் தரவைக் குறைப்பது. குழுமம் அனுப்பிய மாதிரிக் கோப்பில் ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. சம்பளக் கணக்குக்காக எப்போதோ தயாரித்த கோப்பு, அப்படியே வந்திருக்கிறது. வருகைப் பதிவுக்கு ஊழியர் எண்ணும் பெயரும் படமும் போதும். மற்ற பத்திகளை நீக்கி அனுப்பச் சொல்லிவிட்டு, வங்கி விவரங்களை எப்படிக் காக்கிறீர்கள் என்ற பகுதி முழுவதற்கும் ‘பொருந்தாது’ என்று எழுதலாம். அந்தப் பதிலுக்கு ஆதாரம், அந்தப் பத்திகளே இல்லாத கோப்பு.