காலையில் மடங்கி நிற்கும் விரல்

48 வயதான ஆசிரியை ஒருவருக்குக் காலையில் எழும்போது வலது மோதிர விரல் மட்டும் மடங்கியபடியே நின்றது. இடது கையால் நிமிர்த்தினால் ‘டக்’கென்ற சொடுக்குடன் நேராகும். பள்ளிக்கு வருவதற்குள் தொந்தரவு குறைந்துவிடும். வலித்தது விரலின் நடு மூட்டில் என்பதால் இரண்டு மாதம் அங்கேயே தைலம் தேய்த்தார், பலனில்லை. கோளாறு இருந்தது நடு மூட்டில் அல்ல, உள்ளங்கையில். இதையே ‘டிரிகர் ஃபிங்கர்’ என்கிறார்கள். துப்பாக்கியின் விசையை இழுத்து விட்டதுபோல விரல் சொடுக்கி நிமிர்வதால் இப்பெயர்.

விரலை மடக்கும் வலிமையான தசைகள் முன்கையில் உள்ளன. அவற்றிலிருந்து கயிறுபோல வரும் தசைநாண்கள் உள்ளங்கை வழியாக விரல் எலும்புகளில் சென்று சேர்கின்றன. மடக்கும்போது அவை எலும்பைவிட்டு விலகாதிருக்க, வழியில் வளையம் போன்ற பட்டைகள் உண்டு. முதல் வளையம் விரலின் அடியில், உள்ளங்கைப் பகுதியில் இருக்கிறது. எதையேனும் இறுகப் பிடிக்கும்போது அழுத்தம் அதிகம் விழுவது இங்கேதான். இந்த வளையம் தடித்துச் சுருங்கினால், உரசும் தசைநாணும் வீங்கி முடிச்சுப்போல் ஆகிறது.

பாவாடை நாடாவில் முடிச்சு விழுந்தால் துளையில் சிக்குமல்லவா? அதே நிலைதான். மடக்கும் தசைகள் முடிச்சை இழுத்து வளையத்துக்கு வெளியே, உள்ளங்கைப் பக்கம் கொண்டுவந்துவிடுகின்றன. நிமிர்த்தும் தசைகளுக்கு அவ்வளவு வலிமை இல்லை. அதனால் முடிச்சைத் திரும்ப உள்ளே இழுக்க முடிவதில்லை. தூக்கத்தில் விரல்கள் இயல்பாகவே மடங்கியிருக்கும். அசைவின்றி வீக்கமும் சற்றுக் கூடும். காலையில் சிக்கல் அதிகமாக இருப்பது இதனால்தான். வேலை செய்யச் செய்ய வீக்கம் தளர்கிறது.

வலிக்கும் விரலின் அடியில், உள்ளங்கையில், மற்றொரு கையின் கட்டைவிரலை மெல்ல அழுத்தி விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள். தொட்டால் வலிக்கும் சிறு முடிச்சு நகர்வது தெரிந்தால் பெரும்பாலும் இதுவே.

அந்த ஆசிரியைக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கும், நாற்பது வயதைக் கடந்த பெண்களுக்கும் இது அதிகம் வருகிறது. இரவில் விரலை நேராக வைக்கும் பட்டையை ஆறு வாரம் அணிந்தும் அவருக்கு முழுமையாகத் தீரவில்லை. பிறகு வளையத்தின் அருகே ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டது. அதன்பின் சில நாள்களுக்கு இரத்தச் சர்க்கரை உயரலாம் என்பதால் அதை அடிக்கடி பரிசோதிக்கச் சொன்னார் மருத்துவர். மூன்றாம் வாரத்தில் விரல் சிக்குவது நின்றது. ஊசிக்கும் கட்டுப்படாவிட்டால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து வளையத்தை வெட்டித் தளர்த்துவார்கள்.

விரலை வலுவாகச் சொடுக்கி நிமிர்த்த வேண்டாம். அது வீக்கத்தைக் கூட்டும். வெந்நீரில் சில நிமிடம் வைத்து மெதுவாக நீட்டலாம். விரல் முழுவதும் சிவந்து, சூடாக வீங்கி, நீட்டினாலே கடுமையாக வலித்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.