குறும்பு எழுத்து – 9: தும்மலுக்குப் பதில் என்ன?

நிலவு, தேவதை, தூக்கமில்லா இரவு மூன்றையும் சென்ற வாரமே காதல் கடிதத்திலிருந்து வெளியேற்றியாகிவிட்டது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது நினைவிருக்கும். இந்த வாரம் கலித்தொகையின் கேலிப் பேச்சு வருவதாக வாக்கு. அதற்கு முன்னோட்டமாகத் திருக்குறளின் 132ஆம் அதிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று புரட்டியதுதான், பேனா அங்கேயே நின்றுவிட்டது. காரணம், ஒரு தும்மல்.

‘புலவி நுணுக்கம்’ குறளின் கடைசிக்கு முந்தைய அதிகாரம். பள்ளிப் பாடம் பெரும்பாலும் அறத்துப்பாலோடும் பொருட்பாலோடும் நின்றுவிடுவதால் பலர் இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். இதன் இரண்டாம் குறளில் (1312) அவள் கோபமாக இருக்கிறாள், பேசவில்லை. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, வர்ணிக்கவில்லை. தும்முகிறான். தும்மியவரை ‘நீடு வாழ்க’ என்று வாழ்த்துவது வழக்கம். வாழ்த்துவதற்காவது வாயைத் திறந்துதானே ஆக வேண்டும் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கு அவளுக்கும் தெரிகிறது. தெரிந்துகொண்டுதான் தோழியிடம் சொல்கிறாள். தந்திரத்தைப் போட்டவனும் கண்டுபிடித்தவளும் ஒருவரை ஒருவர் ரசிக்கும் இடம் இது.

ஐந்து குறள் தள்ளி (1317) அதே தும்மல் திரும்பி வருகிறது. அவன் தும்ம, அவள் வழக்கப்படி வாழ்த்திவிடுகிறாள். அடுத்த கணமே வாழ்த்தை அழித்துவிட்டு அழுகிறாள்: யார் நினைத்ததால் உனக்குத் தும்மல் வந்தது? நம் வீடுகளில் புரையேறினால் ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று தலையைத் தட்டுகிறோமே, அதே நம்பிக்கைதான். பாடம் கற்றுக்கொண்ட அவன் அடுத்த குறளில் (1318) வந்த தும்மலை அடக்கிவிடுகிறான். அதற்கும் அழுகை: உன்னை வேண்டியவர்கள் நினைப்பதை என்னிடம் மறைக்கிறாயா?

தும்மினாலும் குற்றம், தும்மாவிட்டாலும் குற்றம். உலகில் எந்தக் காதல் எழுத்தாவது ஒரு தும்மலை வைத்து இவ்வளவு விளையாடியிருக்குமா!

தேடத் தேட இன்னும் கிடைத்தது. 1203இல், பிரிந்திருப்பவளுக்குத் தும்மல் வருவதுபோல் வந்து நின்றுவிடுகிறது. அவர் நினைக்க வந்து நினைக்காமல் விட்டுவிட்டாரோ என்று கேட்கிறாள். 1253இல் காதலை மறைத்து வைக்கத்தான் பார்க்கிறேன், அது சொல்லாமல் கொள்ளாமல் தும்மல்போல வெளியே வந்துவிடுகிறது என்கிறாள். ஆக, காமத்துப்பாலில் கைக்கு அகப்பட்டவை ஐந்து தும்மல்கள். ஒவ்வொன்றும் ஏழே சீர். கைபேசித் திரையில் இரண்டு வரியைத் தாண்டாது. மலரோ மதியோ இந்த ஐந்தில் ஒன்றிலும் இல்லை. உடம்பில் நடக்கும் ஒரு சாதாரணச் சங்கதியை எடுத்து, அதற்கு ஒரு வழக்கத்தைச் சேர்த்து, அந்த வழக்கத்தை எதிராளிமேல் திருப்பி விடுவதுதான் வித்தை.

இனி, அதே அதிகாரத்தில் தோற்றுப்போகும் வசனங்கள். இவை இன்றும் புழக்கத்தில் இருப்பவை என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதல் வசனம் (1314): எல்லாரையும்விட நம் காதல் பெரிது என்கிறான். மற்றக் காதலர்களைவிட நாம் மேல் என்பது அவன் கருத்து. அவளோ, நீ காதலிக்கும் மற்றப் பெண்களைவிட என்மேல் அதிகம் என்கிறாயா என்று எடுத்துக்கொண்டு, யாரைவிட, யாரைவிட என்று கேட்கிறாள். இரண்டாவது (1315): இந்தப் பிறவியில் பிரிய மாட்டோம் என்கிறான். அப்படியானால் அடுத்த பிறவியில்? கண் நிறைய நீர். மூன்றாவது (1316): உன்னை நினைத்தேன் என்கிறான். அப்படியென்றால் நடுவில் மறந்திருந்தாய்!

மூன்றும் ஏன் விழுகின்றன என்று பார்த்தால் காரணம் ஒன்றுதான். அவற்றில் அவள் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒப்பிட்டுப் பேசினால் மூன்றாம் ஆள் தானாக உள்ளே வந்துவிடுகிறார். ‘உன்னை மாதிரி யாரையும் பார்த்ததில்லை’ என்று இன்று தட்டி அனுப்புபவரும் 1314இல்தான் மாட்டிக்கொள்கிறார். எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது.

சரி, எப்படித்தான் எழுதுவது? மதுரை கே.கே. நகரில், நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஒரு ஜோடியைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு குடும்பமும் சேர்ந்து முந்தின நாள் ஜிகர்தண்டா சாப்பிட்டிருக்கிறார்கள். அவள் கடல்பாசியை மட்டும் ஓரமாக ஒதுக்கியிருக்கிறாள். இரவில் அவன் எழுத உட்காருகிறான். முதலில் கைக்கு வருவது, ‘நேத்து ரொம்ப அழகா இருந்தீங்க’. அவள் ‘தேங்க்ஸ்’ என்பாள், பேச்சு முடிந்தது. அதை அழித்துவிட்டு அவன் இப்படி எழுதலாம்:

‘கடல்பாசி என்ன தப்பு பண்ணுச்சு? பஞ்சாயத்து வைக்கணும். நான் பாசி தரப்பு.’

அவள்: ‘ஜில்லா கோர்ட்டு பக்கத்துலயே இருக்கு. தடுக்கி விழுந்தா வக்கீல் மேலதான் விழணும். நீங்க எதுக்கு?’

அவன்: ‘ஃபீஸ் கேக்காத வக்கீல் நான் ஒருத்தன்தான்.’

அவள்: ‘கேஸ் ஜெயிக்காத வக்கீலும் நீங்கதான்.’

நாலு வரியில் அழகு, கண், சிரிப்பு எதுவும் பேசப்படவில்லை. ஆனால் அவள் தட்டை அவன் கவனித்திருக்கிறான் என்பது முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. புகழ்ச்சி அங்கே இருக்கிறது, சொல்லாமல். அடுத்து, அவன் தும்மியவனைப்போல, பதில் சொல்ல வசதியாக ஒரு இடம் விட்டிருக்கிறான். எல்லாவற்றையும்விட முக்கியம், கடைசி அடி அவளுக்குக் கிடைத்தது. புலவி நுணுக்கத்திலும் அவன் ஒருமுறைகூட வாதத்தில் ஜெயிப்பதில்லை. பதிலுக்குப் பதில் போட்டு ஜெயித்தே தீர வேண்டும் என்று கிளம்புபவரின் குறும்பு இரண்டாம் வரியிலேயே சண்டையாகிவிடும்.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. எதிரிலிருப்பவரும் பந்தைத் திருப்பி அடித்தால்தான் இது விளையாட்டு. பதில் ‘ம்’ என்று சுருங்கினாலோ, வெறும் கட்டைவிரல் பொம்மை வந்தாலோ, இன்னொரு நகைச்சுவையை அனுப்பிப் பார்க்கக் கூடாது. அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். முன்பின் தெரியாதவருக்கு இதே கடல்பாசி வரியை அனுப்பினால், ‘இவன் என்னை எங்கிருந்து பார்த்தான்’ என்ற பயம்தான் வரும். கவனித்ததைச் சொல்லும் உரிமை, கவனிக்க இடம் கொடுத்தவரிடம் மட்டுமே உண்டு.

உருவத்தைக் கேலி செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. மருதன் இளநாகனார் பாடிய மருதக்கலியில், அரண்மனையில் பணி செய்யும் ஒரு கூனியும் ஒரு குறளனும் ஒருவர் உருவத்தை ஒருவர் விளாசித் தள்ளுகிறார்கள். கூனி அவனை, தூக்கி நிறுத்திய சூதாட்டப் பலகை என்கிறாள். நிமிர்த்தி வைத்த ஆமை என்கிறாள். பிறகு இருவருமே, இனி ஒருவரை ஒருவர் சிரிப்பதில்லை என்று மன்னன் அடி தொட்டுச் சத்தியம் செய்கிறார்கள். அவையோர் முத்திரையிட்டு அனுப்பும் ஓலையைப்போலத் தழுவிக்கொள்வோம் என்று முடிகிறது பாட்டு. அந்தக் கேலி அவர்கள் இருவருக்குள் மட்டும் ஏன் செல்லுபடியானது, வேறு யார் சொல்லியிருந்தாலும் ஏன் கொடுமையாகியிருக்கும் என்பதை விரிவாகப் பேசாமல் விட முடியாது. இந்த வாரத்து இடத்தைத் தும்மல்கள் எடுத்துக்கொண்டன.

அது அடுத்த இதழில். வாசகர்கள் அதற்குள் கலித்தொகையின் 94ஆம் பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு ஒருமுறை படித்துவிட்டு வர வேண்டும். உரையாசிரியரும் மதுரைக்காரர்தான்.