ஒதுங்கிப் போகும் தெரு

உதாரணத்துக்கு ஒரு பெண். ஸ்கூட்டரில் போகும்போது, முந்திச் சென்ற லாரி சட்டென்று இடப்பக்கம் திரும்பி இடித்துவிட்டது. எட்டு மாதத்தில் கால் எலும்பு கூடிவிட்டது. அந்த முக்கைத் தவிர்க்க இன்னும் மூன்று தெரு சுற்றித்தான் நடக்கிறார். சுற்றிப் போகும்போது வரும் நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. ‘ஒதுங்கியதால் பிழைத்தாய்’ என்று மனம் படித்துக்கொள்கிறது.

விபத்துக்குப் பிந்தைய இந்த மன அதிர்ச்சிக்கு உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய ‘ப்ரோலாங்டு எக்ஸ்போஷர்’ சிகிச்சை அந்த நிம்மதியைத்தான் குறிவைக்கிறது. பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம் வரை. முதல் அமர்வில் விளக்கமும் மூச்சுப் பயிற்சியும். இரண்டாவதில், ஒதுங்கும் இடங்களைப் பட்டியலிட்டுப் பயத்துக்கு 100-க்கு மார்க் போடுவார்கள். நிறுத்திய ஸ்கூட்டரில் உட்கார 40, முக்கு டீக்கடையில் நிற்க 60, ஸ்கூட்டரில் அந்த வழியே போக 90. குறைந்த மார்க்கில் தொடங்கி, பதற்றம் கணிசமாகத் தணியும்வரை, அரை மணி, முக்கால் மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது போன்ற உண்மையான ஆபத்து எதுவும் பட்டியலில் ஏறாது.

மூன்றாவது அமர்விலிருந்து, கண்ணை மூடி, இப்போது நடப்பதுபோல விபத்தைச் சொல்ல வேண்டும்: “லாரி திரும்புது...” முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பிறகு அதைப் பற்றிப் பேச்சு. பதிவைத் தினமும் வீட்டில் கேட்க வேண்டும். முதல் சில வாரங்கள் தூக்கம் இன்னும் கெடலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்ல சிகிச்சையாளருக்கு அழகு. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருந்தால் முதலில் அதைத்தான் கவனிப்பார்கள்.

“போன்ல சார்ஜ் இல்ல மேடம், கேக்கல,” என்கிறார் அந்தப் பெண். மேடம் கடிந்துகொள்வதில்லை. “கையில எடுத்தப்போ என்ன தோணுச்சும்மா?” என்று கேட்கிறார். ஒதுங்குவதும் நோயின் அறிகுறிதான் என்று நினைவூட்டி, தங்கை பக்கத்து அறையில் இருக்கும் மாலை நேரமாகப் பார்த்துக் குறிக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒதுங்கலும் உண்டு. டீக்கடையில் தினமும் நின்றும் மார்க் 60-லிருந்து இறங்கவில்லை. விசாரித்தால், போனையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அடுத்த நாளிலிருந்து போன் பைக்குள், பார்வை ரோட்டில்.

கதையிலும் அப்படித்தான். “இடிச்சுது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க” என்று தாவுகிறார். ரோட்டில் கிடந்த நேரம் அதில் இல்லை. இனி அந்தத் துண்டை மட்டும் மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல வெளியே வருகிறது: “பிரேக் போட்டிருக்கலாம், தப்பு என்மேலதான்.” மேடம் பதில் சொல்லாமல், லாரி திரும்பியதற்கும் இடித்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்கிறார். அவர் யோசிக்கிறார்.

“நேரமே இல்ல மேடம்.”

அந்த வாரக் கடைசியில் டீக்கடைக்கு மார்க் 25.