கோட்டை விழுந்த பிறகு எழுதப்பட்ட காப்புறுதி

சிங்கப்பூரின் பென்கூலன் தெருவுக்குப் பெயர் தந்த ஊர் சுமத்திராவின் மேற்குக் கரையில் இருக்கிறது. மிளகு வாணிகத்திற்காக ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே மார்ல்பரோ என்னும் கோட்டையைக் கட்டியிருந்தது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் அவ்வூரை டச்சுக்காரருக்குக் கொடுத்து மலாக்காவைப் பெற்றனர் என்பது வரலாற்று மாணவர் அறிந்ததே. காப்புறுதிச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடு ஒன்று அக்கோட்டையைப் பற்றிய வழக்கிலிருந்து தெளிவு பெற்றது என்பது அத்துணைப் பரவலாகத் தெரிந்த செய்தியன்று.

1759ஆம் ஆண்டில் அக்கோட்டையின் ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் கார்ட்டர். இங்கிலாந்தும் பிரான்சும் போரில் இருந்த காலம் அது. ஐரோப்பியப் பகைவர் எவரேனும் ஓராண்டுக்குள் கோட்டையைக் கைப்பற்றினால் தமக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்று, இலண்டனில் இருந்த தம் சகோதரர் வழியாக அவர் காப்புறுதி எடுத்தார். போம் என்பவர் சந்தாவைப் பெற்றுக்கொண்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது 1760 மே மாதத்தில். ஆனால் ஏப்ரல் மாதத்திலேயே தெஸ்தேன் பிரபு தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பல்கள் கோட்டையைப் பிடித்துவிட்டன! கடல்வழிச் செய்தி இலண்டனை அடையப் பல மாதங்கள் ஆகும். ஆகவே, கையொப்பமிட்ட நாளில் கோட்டை விழுந்த செய்தி அங்கு எவருக்கும் தெரியாது.

போம் பணம் கொடுக்க மறுத்தார். கோட்டை வலுவற்றது என்பதையும், பிரெஞ்சுக்காரர் தாக்கக்கூடும் என்று தாம் அஞ்சியதையும் ஆளுநர் சொல்லாமல் மறைத்தார் என்பது அவருடைய வாதம். 1766ஆம் ஆண்டில் வழக்கை ஆராய்ந்த மேன்ஸ்பீல்டு பிரபு, முதலில் போமுக்குச் சாதகமாகத் தோன்றும் ஒரு விதியைத்தான் கூறினார். காப்புறுதி என்பது நிகழ்வாய்ப்பைக் கணக்கிட்டுச் செய்யப்படும் ஒப்பந்தம். அக்கணக்குக்கு வேண்டிய செய்திகள் பெரும்பாலும் காப்புறுதி கேட்பவரிடமே இருக்கின்றன. அவர் சொல்வதை நம்பித்தான் மற்றவர் சந்தாவை வரையறுக்கிறார். எனவே தாம் மட்டும் அறிந்ததை மறைத்து மற்றவரை ஒப்பந்தத்திற்குள் இழுப்பது கூடாது. இன்று நாம் ‘முழுமையான நன்னம்பிக்கை’ என்று வழங்குவது இதுவே. மாம்பழம் வாங்குபவர் கனியைத் தடவிப் பார்க்கலாம். காப்புறுதி தருபவருக்கு அவ்வாய்ப்பு அரிது.

ஆயினும் தீர்ப்பு கார்ட்டருக்கே சாதகமாயிற்று. இங்கேதான் வழக்கின் நுட்பம் உள்ளது. மற்றவர் ஏற்கெனவே அறிந்ததை, அல்லது அறிந்திருக்க வேண்டியதை, ஒருவர் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் என்றார் மேன்ஸ்பீல்டு. போர் நடப்பதும், பிரெஞ்சுக் கடற்படையின் வலிமையும் சுமத்திராவில் இருந்தவரைவிட இலண்டனில் இருந்தவருக்கே நன்கு தெரியும். அது வாணிகக் கோட்டை. ஐரோப்பியப் படையை எதிர்த்து நிற்கக் கட்டப்பட்டதன்று என்பதும் தெரிந்ததே. ஆளுநரே காப்புறுதி கேட்கிறார் என்பதை அறிந்தும் கோட்டையின் நிலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேளாமல் சந்தாவைப் பெற்றவர், பிறகு ‘சொல்லவில்லை’ என்று குறைகூற முடியாது. நன்னம்பிக்கை இரு தரப்பையும் கட்டும் என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டும் தந்தார்: கப்பல் பத்திரமாகத் துறை சேர்ந்துவிட்டது என்பதைத் தனியே அறிந்துகொண்டு, அதன் பயணத்திற்குச் சந்தா வாங்கும் காப்புறுதியாளர் அச்சந்தாவைத் திருப்பித் தந்தாக வேண்டும். இப்பாதியை நம் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

அதே வழக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. கோட்டை கார்ட்டருடையது அன்று. ஆனால் அதனுள் அவருடைய சொந்த உடைமைகள் இருந்தன. கோட்டை விழுந்தால் அவர் கைப்பொருள் போகும். இப்படி, ஒன்று அழிந்தால் நமக்கு நேரும் உண்மையான இழப்பே ‘காப்புறுதிக்குரிய நலன்’. அது இல்லாத ஒப்பந்தம் பந்தயமே. அக்காலத்தில் நோயுற்ற பெருமக்கள் பிழைப்பார்களா என்று காப்புறுதி வடிவில் பந்தயம் கட்டியோர் இருந்தனர். அதைத் தடுக்கவே 1774இல் தனிச்சட்டம் வந்தது. ஒருவர் தம் துணைவர்மீதோ, தம்மிடம் வேலை செய்பவர்மீதோ ஆயுள் காப்புறுதி எடுக்கலாம். அண்டை வீட்டார்மீது எடுக்க இயலாது. ஆயுள் காப்புறுதியில் இந்நலன் ஒப்பந்தம் செய்யும் நாளில் இருந்தால் போதும். கடல்வழிச் சரக்குக்கோ இழப்பு நேரும் நாளில் அது இருந்தாக வேண்டும்.

மேன்ஸ்பீல்டு வகுத்தது இருபுறமும் சமமாக நின்ற விதி. பிற்காலத்தில் அது காப்புறுதி கேட்பவர் பக்கமே பாரமாகச் சாய்ந்தது. 1906ஆம் ஆண்டின் ஆங்கிலேயக் கடல்சார் காப்புறுதிச் சட்டம், நன்னம்பிக்கை தவறினால் மற்றவர் ஒப்பந்தத்தையே தள்ளுபடி செய்யலாம் என்றது. தவறு சிறிதோ பெரிதோ, தண்டனை ஒன்றுதான். யாரும் கேளாத செய்தியைச் சொல்லாமல் விட்டதற்காகக்கூட ஒருவர் முழு இழப்பீட்டையும் இழக்க நேர்ந்தது.

மலேசியா இதை 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தால் மாற்றியது. சொந்தத் தேவைக்காகக் காப்புறுதி எடுக்கும் பயனீட்டாளர், இனி எது முக்கியம் என்று தாமே ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனம் திட்டவட்டமாகக் கேட்க வேண்டும். பயனீட்டாளர் தவறான விடை தராதிருக்க நியாயமான கவனம் கொள்ள வேண்டும். தவறு நேர்ந்தால் அதன் விளைவு தவறின் தன்மையைப் பொறுத்தது.

ஓர் ஆசிரியை மருத்துவக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். ‘கடந்த ஐந்து ஆண்டுகளில் உயர் இரத்த அழுத்தத்திற்குச் சிகிச்சை பெற்றீர்களா?’ என்பது கேள்வி. மூன்றாண்டுகளுக்கு முன் சில மாதங்கள் மாத்திரை உண்டு நிறுத்தியதை நினைவுகூராமல் ‘இல்லை’ என்று எழுதுகிறார். எட்டு மாதம் கழித்து 24,000 ரிங்கிட் மருத்துவச் செலவு வருகிறது. பழைய பதிவேட்டிலிருந்து உண்மை வெளிப்படுகிறது. அவர் செலுத்திய சந்தா 1,500 ரிங்கிட். உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் 2,000 ரிங்கிட் கேட்டிருக்கும். தவறு கவனக்குறைவால் நேர்ந்தது எனின், அவர் செலுத்தியது செலுத்த வேண்டியதில் முக்கால் பங்கு; ஆகவே இழப்பீடும் முக்கால் பங்காக, 18,000 ரிங்கிட்டாகக் குறைக்கப்படலாம். வேண்டுமென்றே பொய் எழுதியிருந்தால் ஒப்பந்தமே தள்ளுபடியாகலாம். கவனக்குறைவே ஆயினும், உண்மை தெரிந்தால் நிறுவனம் எந்த நிபந்தனையிலும் ஏற்றிருக்காது என்ற நிலையிலும் அவ்வாறே ஆகும். அப்போது கட்டிய சந்தா திரும்ப வரும்.

கடமை எந்த நாள்வரை நீடிக்கிறது என்பதில் பலர் தடுமாறுகின்றனர். படிவத்தில் கையொப்பமிடும் நாளோடு அது முடிவதில்லை. ஒப்பந்தம் ஏற்கப்படும்வரை நீடிக்கிறது. திங்கட்கிழமை படிவத்தைக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை மருத்துவர் இதயப் பரிசோதனைக்கு அனுப்பினால், நிறுவனத்தின் ஒப்புதல் வருமுன் அதனைத் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பின் தோன்றும் நோய் வேறு, அதற்காகத்தானே காப்புறுதி.

முகவரே படிவத்தை நிரப்பும் வழக்கமும் இங்கு உண்டு. ‘அதெல்லாம் எழுத வேண்டாம்’ என்று முகவர் சொல்வதைக் கேட்டிருப்போம். மலேசியச் சட்டப்படி, நிறுவனத்தின் முகவர் அறிந்தது நிறுவனம் அறிந்ததாகவே கொள்ளப்படும். இருவரும் சேர்ந்து மறைத்தால் இப்பாதுகாப்பு இல்லை. எனினும் முகவரிடம் வாய்மொழியாகச் சொன்னதை ஈராண்டு கழித்து மெய்ப்பிப்பது கடினம். விடைகள் எழுதப்பட்ட படியொன்றைக் கையில் வைத்திருப்பவரே அங்கு வெல்கிறார். சிங்கப்பூரிலோ, தாமாக முன்வந்து சொல்லும் பழைய கடமை இன்றும் நிற்கிறது. விண்ணப்பதாரர் தமக்குத் தெரிந்ததையும் தெரிந்திருக்க வேண்டியதையும் முழுமையாகச் சொல்ல வேண்டும், தவறினால் காப்புறுதி செல்லாது போகலாம் என்னும் எச்சரிக்கை அங்குள்ள விண்ணப்பப் படிவங்களில் அச்சிடப்பட்டிருக்கும். கையொப்பமிடும் இடத்திற்குப் போகுமுன் மாணவர் தம் பெற்றோருக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டலாம்.